இயாகோவுக்கு இருப்பது எந்தப் பொறாமை? என்வியஸ், ஜெலஸ், கவெட்டஸ் மூன்றையும் கட்டுரையில் பிரித்து எழுதும் முறை

ஆங்கில இலக்கியக் கட்டுரை எழுதத் தொடங்கிய புதிதில், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘இயாகோ ஜெலஸ்’ என்று அதில் ஏழு இடத்தில் வந்தது. திருத்திய ஆசிரியர் ஏழையும் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “எதை இழந்துவிடுவான் என்று பயப்படுகிறான்?” எனக்குப் பதில் தெரியவில்லை. பொறாமைக்காரன் என்றால் ஜெலஸ், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். அடுத்த வீட்டுக்காரன் உயர்வதைப் பார்த்து வயிறு எரிந்தாலும் பொறாமை என்கிறோம். கணவன் வேறு ஒருத்தியிடம் சிரித்துப் பேசியதைக் கண்டு மனைவி கொதித்தாலும் பொறாமை என்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பேச்சு ஆங்கிலத்தில் அவர்களும் இரண்டையும் கலந்துதான் சொல்கிறார்கள். நண்பனின் விடுமுறைப் படத்தைப் பார்த்து ‘ஜெலஸாக இருக்கிறது’ என்று சொல்லாத ஆள் குறைவு. அகராதிகளும் அந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் ஒரு பாத்திரம் ஏன் இப்படிச் செய்தது என்று விளக்க வந்த கட்டுரையில் அந்தக் கலப்பு இடம் மாறிய சாவியைப் போன்றது. பார்க்கச் சாவி மாதிரிதான் இருக்கும், பூட்டு மட்டும் திறக்காது.

ஒதெல்லோவையே எடுத்துக்கொண்டு போகலாம். மூன்று உணர்ச்சிகளும் ஒரே நாடகத்தில், பக்கத்துப் பக்கத்து ஆட்களிடம் கிடைக்கின்றன. அதுவும் இயாகோ ஒருவனிடமே ஒன்றுக்கு மேல் இருக்கிறது. படிக்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான்: வெனிஸ் நகரின் படைத்தளபதி ஒதெல்லோ. டெஸ்டிமோனா என்ற பெண்ணை ரகசியமாக மணக்கிறான். தனக்குக் கிடைக்கும் என்று இயாகோ நம்பியிருந்த துணைத்தளபதிப் பதவியைக் காசியோவுக்குக் கொடுத்துவிடுகிறான். இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்பவைக்கிறான். ஒதெல்லோ மனைவியைக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தானும் குத்திக்கொண்டு சாகிறான்.

முதலில், மூன்று சொல்லின் எடை

என்வி என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பார்’ என்ற வினையிலிருந்து வந்தது; ஒருவரைக் கெட்ட எண்ணத்தோடு பார்ப்பது. நம் ‘கண் வைக்கிறான்’ இதற்கு வெகு அருகில் நிற்கிறது. இன்னொருவரிடம் ஒன்று இருக்கிறது, என்னிடம் இல்லை, அவரிடம் இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை. இதுதான் என்வியஸ். வள்ளுவர் இதற்கு அழுக்காறு என்ற சொல்லை வைத்திருக்கிறார். அழுக்காறாமை அதிகாரத்தில் ஒரு குறள், ஒருவர் மற்றொருவருக்குக் கொடுப்பதைப் பார்த்தே எரிகிறவனைப் பற்றிப் பேசுகிறது. கவனியுங்கள்: கொடுப்பது அவன் கைப்பொருள் இல்லை. பெறுவதும் அவன் இல்லை. அவனுக்கு ஒரு காசு நட்டம் கிடையாது. ஆனாலும் தாங்கவில்லை. என்வியின் சாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அழுக்காறாமை 17ஆவது அதிகாரம். அதை அடுத்த 18ஆவது, வெஃகாமை. வெஃகுதல் என்றால் பிறர் பொருளைத் தனதாக்கிக்கொள்ள விரும்புவது. கவெட்டஸ் என்பது இதுதான். இரண்டும் ஒன்றென்றால் வள்ளுவர் பத்துப் பத்துக் குறளாக இரண்டு அதிகாரம் போட்டிருக்க மாட்டார். வெஃகுகிறவன் கண் பொருளின் மேல் இருக்கிறது, பொருளுக்குச் சொந்தக்காரன் அவனுக்கு ஒரு தடை மட்டும். பைபிளில் ஆகாப் அரசன் கதை இதற்குச் சுத்தமான உதாரணம். அரண்மனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசனுக்கு அந்த இடத்தில் காய்கறித் தோட்டம் போட ஆசை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் விலை தருகிறேன் என்கிறான். முன்னோர் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுக்கிறான். அரசன் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். பிறகு அரசி யேசபேல் பொய்சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். ஆகாப் எழுந்துபோய்த் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறான். நாபோத் நன்றாக வாழ்வதில் ஆகாபுக்கு எந்த வருத்தமும் இல்லை. விற்றிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ‘ஆகாப் நாபோத்தின் மேல் என்வியஸ்’ என்று எழுதினால் கதையே கவிழ்ந்துவிடும்.

ஜெலஸ் வேறு திசையில் பார்க்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது, அல்லது இருப்பதாக நான் நம்புகிறேன். இன்னொருவன் அதைக் கொண்டுபோய்விடுவானோ என்ற பயமும் சந்தேகமும் அதைச் சுற்றி எழும் காவலும்தான் ஜெலஸி. இதற்குத் தமிழில் கச்சிதமான ஒரே சொல் இல்லை. பழைய தமிழ் பைபிளில் கடவுள் தன்னை ‘எரிச்சலுள்ள தேவன்’ என்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது ஜெலஸ். என் மக்கள் எனக்கே உரியவர்கள், வேறு தெய்வத்தின் பின்னால் போகக்கூடாது என்ற பொருள். வேடிக்கை என்னவென்றால், நம் வாயில் வயிற்றெரிச்சல் என்றால் அது என்வி. எரிச்சல் இருபக்கமும் வேலை செய்கிறது, மொழிபெயர்ப்பவன்தான் பாவம்.

படி 1: ஆட்களையும் பொருளையும் எழுதிப் பாருங்கள்

கட்டுரை தொடங்குவதற்கு முன், தனித் தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘இவனிடம் இது இருக்கிறது, அவனிடம் இது இல்லை’ என்ற வடிவில் இருக்கட்டும். பெயர்களையும் பொருளையும் நிரப்பியதும் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒதெல்லோவுக்கு: ‘ஒதெல்லோவிடம் டெஸ்டிமோனாவின் அன்பு இருக்கிறது, காசியோ அதை எடுத்துக்கொண்டான் என்று அவன் நம்புகிறான்.’ மூன்று பேர் வந்துவிட்டார்கள். உடைமை உணர்ச்சி கொள்கிறவனிடமே இருக்கிறது. ஜெலஸ். தான் நேசிப்பதில் ஒரு மூலையை வைத்துக்கொண்டு மற்றதைப் பிறர் பயன்படுத்த விடுவதைவிட, நிலவறை ஈரத்தை உண்டு வாழும் தேரையாக இருப்பேன் என்று 3ஆம் அங்கம் 3ஆம் காட்சியில் ஒதெல்லோ சொல்கிறான். மேற்கோள் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உடைமை, பங்கு, பிறர் என்று ஜெலஸியின் உறுப்புகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

டெஸ்டிமோனாவை அடைய ஏங்கும் ரோடரிகோவுக்கு: ‘ஒதெல்லோவிடம் டெஸ்டிமோனா இருக்கிறாள், ரோடரிகோவிடம் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை.’ இங்கேயும் மூன்று பேர் என்பதால் பலர் ஜெலஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இழப்பதற்கு ரோடரிகோவிடம் எதுவும் இல்லை. நிலத்தை விற்று, நகைகளைக் கொடுத்து, கிடைத்தால் போதும் என்று இயாகோவின் பின்னால் அலைகிறான். கவெட்டஸ் என்பது இவனுக்குத்தான் பொருந்தும். ஒரு பெண்ணைக் குறித்து இந்தச் சொல்லைப் போடும்போது கொஞ்சம் இடறும். கவெட்டஸ் பொதுவாகப் பொருளுக்கு வரும் சொல். அந்த இடறலையே கட்டுரையில் பயன்படுத்தலாம். நகை கொடுத்து அடையக்கூடிய ஒன்றாக அவளை அவன் நினைக்கிறான் என்று ஒரு வரி சேர்த்தால் சொல்லும் நியாயப்படும், வாதமும் கூர்மையாகும்.

சரி, இயாகோ? அவனுக்கு இந்த வாக்கியத்தை எழுதப் போனால் ஒன்றல்ல, மூன்று வாக்கியம் வரும். காசியோவிடம் பதவி இருக்கிறது, இயாகோவிடம் இல்லை. காசியோவிடம் ஏதோ ஒரு நல்லழகு இருக்கிறது, இயாகோவிடம் இல்லை. இயாகோவிடம் மனைவி எமிலியா இருக்கிறாள், ஒதெல்லோ அவளோடு படுத்துவிட்டானோ என்று சந்தேகம். அதனால்தான் இவனை முதல் படியோடு முடிக்க முடியாது.

படி 2: ‘கிடைத்துவிட்டால் நிற்பானா?’ என்று கேளுங்கள்

நான் நம்பியிருக்கும் சோதனை இதுதான். பாத்திரம் விரும்புவது அதன் கையில் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெஃகுகிறவன் நின்றுவிடுவான், ஆகாப் தோட்டம் வந்ததும் நிற்கிறான். என்வியஸானவன் நிற்கமாட்டான், அவன் நோய் பொருளில் இல்லை, மற்றவனில் இருக்கிறது. இன்னொரு பக்கமாகவும் கேட்கலாம்: அந்தப் பொருள் மற்றவன் கையிலேயே உடைந்து நொறுங்கினால்? வெஃகுகிறவனுக்கு ஏமாற்றம். என்வியஸானவனுக்கு ஒரு நிம்மதி.

பெரும்பாலான கதைகளில் இதைக் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். ஒதெல்லோவில் அந்தத் தேவையே இல்லை, ஷேக்ஸ்பியரே சோதனையை நடத்திக் காட்டிவிடுகிறார். 3ஆம் அங்கம் 3ஆம் காட்சியின் கடைசியில், ‘இனி நீதான் என் துணைத்தளபதி’ என்று ஒதெல்லோ இயாகோவிடம் சொல்கிறான். முதல் காட்சியில் எந்தப் பதவிக்காக இயாகோ குமுறினானோ அது வந்துவிட்டது. நாடகம் ஏறக்குறைய பாதியில்தான் இருக்கிறது. அவன் நிற்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டினாலே, இயாகோவைப் பதவி ஆசை பிடித்தவன் என்று மட்டும் விளக்கும் வாசிப்பு ஆட்டம் கண்டுவிடும்.

அப்படியானால் தொடக்கத்தில் அவனிடம் கவெட்டஸ் இல்லையா? இருக்கிறது. 1ஆம் அங்கம் 3ஆம் காட்சித் தனிமொழியில் காசியோவின் இடத்தைப் பெற வேண்டும் என்று அவனே சொல்கிறான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவன் புலம்புவதைக் கவனித்துப் படித்தால் பதவியைப் பற்றிப் பேசுவதைவிடக் காசியோவைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். அவன் கணக்குப்போடுகிறவன், போர்க்களத்தில் ஒரு படையைக்கூட நிறுத்தியதில்லை, புத்தகத்தில் படித்ததோடு சரி, என்று இகழ்கிறான். பதவி மட்டும் வேண்டியவனுக்கு இத்தனை கசப்பு தேவைப்படாது.

படி 3: பொருள் கைக்கு வந்ததும் என்ன செய்கிறான் என்று பாருங்கள்

இது சின்னப் படி, ஆனால் தேர்வாளரைத் திரும்பிப் பார்க்கவைப்பது பெரும்பாலும் இதுதான். கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குத் தந்த முதல் பரிசு. அதைத் திருடித் தரச் சொல்லி இயாகோ நூறு முறை கெஞ்சியிருக்கிறான் என்று எமிலியா சொல்கிறாள். நூறு முறை கேட்டானா, அப்போது அதன்மேல் பேராசை, ஆகவே கவெட்டஸ் என்று நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். கைக்கு வந்ததும் அவன் என்ன செய்கிறான்? காசியோவின் அறையில் போட்டுவிட்டு வருகிறான். வைத்துக்கொள்ள அவனுக்கு விருப்பமே இல்லை, அது வெறும் கருவி. ஒரு பாத்திரம் ஒன்றைக் கேட்டது என்பது மட்டும் சான்றாகாது. பெற்றதை அது எப்படி நடத்துகிறது என்பதையும் சேர்த்துக் காட்டினால்தான் சொல் நிற்கும்.

படி 4: காட்சி எண்ணோடு கட்டிப்போடுங்கள்

‘இயாகோ என்வியஸ்’ என்று நாடகம் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துவதும் தவறுதான். என்வி வெளிப்படையாக வரும் இடம் 5ஆம் அங்கம் 1ஆம் காட்சி. காசியோவின் வாழ்க்கையில் அன்றாடம் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது என்கிறான் இயாகோ. அந்த அழகை அவன் கேட்கவில்லை. தனக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. அது அங்கே இருப்பதே தன்னைச் சிறிதாக்குகிறது என்கிறான், அதனால் ஆள் சாக வேண்டும். அழுக்காறு என்ற சொல்லை விரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. அதே பேச்சில் அடுத்த வரியிலேயே இன்னொரு காரணமும் சொல்கிறான்: காசியோ உயிரோடு இருந்தால் ஒதெல்லோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடும், நான் மாட்டிக்கொள்வேன். இது சுத்தமான பயம், என்வி இல்லை. அழகு வரியை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோளாகப் போட்டு, பயத்தின் வரியை விட்டுவிட்டால், நாடகத்தை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் உடனே பிடித்துவிடுவார். இரண்டையும் வைத்து, ‘மாட்டிக்கொள்ளும் பயமே கொலைக்குப் போதுமான காரணம், ஆனாலும் அவன் வாயில் முதலில் வருவது அழகு’ என்று எழுதினால் அந்த வரிசையே உங்கள் சான்றாகிவிடும்.

ஜெலஸியும் இயாகோவிடம் உண்மையாகவே இருக்கிறது, என் ஆசிரியர் வட்டமிட்டார் என்பதற்காக அதைத் துடைத்துவிடக் கூடாது. 1ஆம் அங்கத்தின் முடிவில், ஒதெல்லோ தன் படுக்கையில் தன் வேலையைச் செய்துவிட்டதாக ஊர் பேசுகிறது, உண்மையா தெரியாது, சந்தேகம் ஒன்றே போதும், உறுதி போலவே நடந்துகொள்வேன் என்கிறான். 2ஆம் அங்கம் 1ஆம் காட்சியில் அந்த நினைப்பு விஷம் போல உள்ளே அரிக்கிறது என்கிறான். காசியோ மேலும் அதே சந்தேகத்தைச் சொல்கிறான். ‘எதை இழந்துவிடுவான் என்று பயப்படுகிறான்?’ என்ற கேள்விக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ஏழு இடத்தில் ஓர் இடமாவது தப்பியிருக்கும்.

ஆனால் தனிமொழியில் அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? கோல்ரிட்ஜ் என்ற விமர்சகர், இயாகோ தன் தீமைக்குக் காரணம் தேடி அலைகிறான், தீமைக்குக் காரணமே இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அது இன்றுவரை எல்லாக் கட்டுரையிலும் வலம்வருகிறது. அந்த வாசிப்பின்படி இந்த ஜெலஸி அவனே கட்டிக்கொண்ட சாக்கு. இதற்கு எதிர்ச்சான்று நாடகத்திலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 4ஆம் அங்கம் 2ஆம் காட்சியில், யாரோ ஒரு கயவன் ஒதெல்லோவிடம் கோள் சொல்லியிருக்கிறான் என்று எமிலியா திட்டும்போது, கணவனைப் பார்த்து, ‘என்னையும் ஒதெல்லோவையும் சேர்த்து உங்களைச் சந்தேகப்பட வைத்தவனும் இப்படி ஒருத்தன்தான்’ என்கிறாள். தனிமொழிக்கு வெளியே, வேறொருவர் வாயால் அந்தச் சந்தேகம் உறுதியாகிறது. அப்படியென்றால் அது இயாகோ அந்த நேரத்துக்குக் கட்டிய கதை இல்லை, வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை வெடித்த விஷயம். எனக்கு இந்த ஒரு வரி கோல்ரிட்ஜை விடக் கனமாகத் தெரிகிறது. நீங்கள் மறுபக்கம் நின்றும் வாதிடலாம், ஆனால் எமிலியாவின் வரிக்குப் பதில் சொல்லிவிட்டு வாதிடுங்கள்.

படி 5: வாக்கியத்தில் பொருளையும் ஆளையும் சேர்த்தே எழுதுங்கள்

இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் தனியாக விட்டால் வழுக்கும். ‘இயாகோ காசியோவைக் குறித்து ஜெலஸ்’ என்று எழுதினால், காசியோ தன் மனைவியைக் கவர்ந்துவிடுவான் என்று அஞ்சுகிறானா, காசியோவின் உயர்வைப் பொறுக்கவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. இந்த நாடகத்தில் இரண்டுமே உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பு. ஆகவே ஜெலஸ் என்று போடும் இடத்தில் காக்கப்படுவது எது, பறிப்பவன் யார் என்ற இரண்டும் அதே வாக்கியத்தில் வரட்டும். என்வியஸ் என்றால் யார், அவரிடம் உள்ள எது என்பது வரட்டும். கவெட்டஸ் என்றால் பொருளைச் சொன்னால் போதும்.

என் பழைய பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

*இயாகோ மிகவும் ஜெலஸ். காசியோவுக்குப் பதவி கிடைத்ததால் அவன் ஜெலஸ் ஆகிறான். இந்த ஜெலஸிதான் ஒதெல்லோவையும் டெஸ்டிமோனாவையும் அழிக்கிறது.*

இதில் முதல் வாக்கியம் எதையும் சொல்லவில்லை. இரண்டாவது, சொல்லைத் தவறாகப் போட்டிருக்கிறது. மூன்றாவது, இயாகோவின் உணர்ச்சியையும் ஒதெல்லோவின் உணர்ச்சியையும் ஒன்றாக்கிவிட்டது. அழிவைச் செய்தது ஒதெல்லோவின் ஜெலஸி, அதை மூட்டியது வேறொன்று. இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

*காசியோவுக்குப் போன பதவியை இயாகோ முதலில் கவெட்டஸாகத்தான் பார்க்கிறான். அந்த இடத்தைப் பெறுவதே அவன் வகுக்கும் திட்டத்தின் ஒரு நோக்கம். ஆனால் 3ஆம் அங்கத்தில் பதவி கிடைத்த பிறகும் அவன் நிற்காததால், அந்த ஆசை அவனை முழுவதும் விளக்காது. காசியோவிடம் உள்ள அழகு தன்னை அசிங்கமாக்குகிறது என்று 5ஆம் அங்கத்தில் சொல்லும்போது அவன் என்வியஸ்: அவனுக்கு அந்த அழகு வேண்டாம், அது இல்லாமல் போக வேண்டும். எமிலியாவை ஒதெல்லோ கவர்ந்துவிட்டான் என்ற சந்தேகத்தால் அவன் ஜெலஸியையும் உள்ளிருந்து அறிந்தவன். ஒதெல்லோவிடம் அதை அவ்வளவு துல்லியமாக மூட்ட முடிவது அதனால்தான்.*

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சொற்களைப் பிரித்த பிறகுதான் அது கிடைத்தது. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தவரை, இயாகோ தான் பட்ட நோயையே ஒதெல்லோவுக்கு ஏற்றுகிறான் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பச்சைக் கண் பூதம் என்ற புகழ்பெற்ற தொடரை இயாகோவின் ஒப்புதல் வாக்குமூலம் போல எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதைச் சொல்வது இயாகோதான், ஆனால் ஒதெல்லோவுக்கு எச்சரிக்கை செய்வதுபோல நடித்துக்கொண்டு, ஜெலஸியைத் தூண்டுவதற்காகச் சொல்கிறான். ஒதெல்லோவைப் பற்றிய பத்தியில் வைத்தால் சரி. இயாகோவைப் பற்றிய பத்தியில் வைத்தால், அவன் நஞ்சை எப்படிக் கலக்கிறான் என்பதற்கான சான்றாக மட்டும் வையுங்கள்.

அடுத்தது, பழைய நூல்களில் ஜெலஸ் என்பதற்கு வெறுமனே ‘சந்தேகப்படுகிற’ என்ற பொருளும் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்துப் பனுவலில் அந்தச் சொல் கண்ணில் பட்டவுடன் காதல் சந்தேகம் என்று பாயாமல், பதிப்பின் அடிக்குறிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்வியபிள் என்பதை என்வியஸ் என்று மாற்றி எழுதுவதும் நடக்கிறது. காசியோ என்வியபிள், அதாவது பிறர் ஏங்கும்படி இருப்பவன்; இயாகோ என்வியஸ். அதேபோல கவெட்டஸ் பழிச்சொல், ஆனால் ‘கவெட்டட்’ பரிசு என்றால் பலரும் விரும்பும் பரிசு என்று உயர்த்திச் சொல்வது. துணைத்தளபதிப் பதவி கவெட்டட். அதை விரும்பியதாலேயே ஒருவன் கவெட்டஸ் ஆகிவிடமாட்டான். பிறருக்கு உரியதை, எந்த வழியிலாவது, என்ற இரண்டும் சேர வேண்டும்.

அப்புறம் ரோடரிகோ. அவனைக் கவெட்டஸ் என்று முடித்துவிட்டு நான் நகர்ந்துவிட்டேன், ஆனால் முதல் காட்சியில் ஒதெல்லோவை உதட்டைச் சொல்லி இழிவாகப் பேசி, இதைச் சாதித்துவிட்டால் இவனுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அவன் பொருமுகிற ஒரு வரி இருக்கிறது. அந்த நொடியில் அவன் கண் டெஸ்டிமோனாவின் மேல் இல்லை, ஒதெல்லோவின் மேல் இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு நான் என்வியஸ் என்று போடுவேன்; அடுத்த வரியிலிருந்து மீண்டும் கவெட்டஸ்.